பக்கம் தாண்டும் பட்டியல்

கோயில் குடமுழுக்கு முடிந்த கையோடு, நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களையும் தொகைகளையும் அச்சிட்டு ஊராருக்கு வழங்குவது பல விழாக் குழுக்களின் வழக்கம். கணக்கு எக்செல்லில் இருக்கும். நானூறு வரிசை இருக்கிறது என்று வையுங்கள். அதை அப்படியே நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் முதல் பக்கம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் தலைப்பு கிடையாது. எந்த எண் ரசீது எண், எந்த எண் ரூபாய் என்று படிப்பவர் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வலது ஓரத்து நெடுவரிசை தாளுக்கு வெளியே போயிருக்கும். ஒருவரின் பெயர் இந்தப் பக்கத்தின் அடியிலும் தகப்பனார் பெயர் அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிரிந்து கிடக்கும்.

இதைப் பலரும் கையால் சரிசெய்கிறார்கள். தலைப்பு வரிசையை நகலெடுத்து ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் ஒட்டுவார்கள்; தேவைப்பட்ட இடத்தில் என்டரைத் தட்டித் தட்டி வரிசைகளைக் கீழே தள்ளுவார்கள். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். மறுநாள் விடுபட்ட ஒரு பெயரை நடுவில் சேர்த்ததும், ஒட்டிவைத்த தலைப்புகள் எல்லாம் பக்கத்தின் நடுவே வந்து நிற்கும். தொகை வாரியாக வரிசைப்படுத்தினாலோ அந்தத் தலைப்புகளும் நன்கொடையாளர்களைப் போலப் பட்டியலுக்குள் கலந்துவிடும். எது எங்கே நிற்க வேண்டும் என்று வேர்டிடம் விதியாகச் சொல்லிவிட்டால் இந்த வேலையே தேவையில்லை.

முதலில் அகலத்தைப் பாருங்கள். அகலம் மாறினால் வரிகள் மடங்கும் இடம் மாறும். அதோடு பக்கம் முடியும் இடமும் மாறும். அதனால் தலைப்பும் பக்கப் பிரிப்பும் பிறகுதான். A4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால் நமக்கு மிஞ்சுவது 15.92 செ.மீ. அட்டவணைக்குள் சொடுக்கினால் மேலே இரண்டாவதாக ஒரு Layout தோன்றும். அதில் AutoFit பட்டியலைத் திறந்து முதலில் AutoFit Window கொடுங்கள். வெளியே ஓடிய அட்டவணை தாளுக்குள் வந்துவிடும். அடுத்து அதே இடத்தில் Fixed Column Width கொடுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வேர்டு வழக்கமாக உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப நெடுவரிசையைத் தானே விரித்துக்கொள்ளும். ‘மு.சுப்பிரமணியன்’ என்று இடைவெளியில்லாமல் அடித்தால் அது வேர்டுக்கு ஒரே சொல். அதை உடைக்காமல் வைக்க வேண்டி நெடுவரிசையை அகலமாக்கும். பக்கத்தில் இருப்பது சுருங்கும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் இந்தத் தொல்லை சற்று அதிகம். முன்னெழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி விட்டால் பாதி தீர்ந்துவிடும்.

பிறகு அளவுகளை நீங்களே பிரித்துக் கொடுக்கலாம். நம் பட்டியலுக்கு வரிசை எண் 1.8, பெயர் 4.3, ஊர் 3, ரசீது எண் 2, தொகை 2.2, குறிப்பு 2.6 என்று வைத்தால் கூட்டுத்தொகை 15.9 செ.மீ.; தாளுக்குள் அடங்கும். வரிசை எண்ணுக்கு 1.8 எதற்கு என்று தோன்றலாம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இடமும் வலமும் 0.19 செ.மீ. வெற்றிடத்தை வேர்டு வைத்துக்கொள்கிறது. அதை இன்னும் குறைத்தால் ‘வ.எண்’ என்ற தலைப்பே இரண்டு வரியாக உடையும். அகலம் கொடுக்கும்போது நெடுவரிசையின் தலைக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோய், கறுப்பு அம்புக்குறி தெரிந்ததும் சொடுக்கி, முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கட்டம் தேர்வாகி இருந்தால் அதன் கோடு மட்டும் நகர்ந்து அட்டவணை பல்லிளிக்கும்.

அடுத்தது தலைப்பு. முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து Layout பகுதியில் உள்ள Repeat Header Rows பொத்தானை அழுத்தினால் போதும். ‘தொகை’ என்று மேலேயும் அதன் கீழே ‘ரொக்கம்’, ‘வங்கி’ என்றும் தலைப்பு இரண்டு வரிசையாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வில் முதல் வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். வேலை நடந்ததா என்று பார்க்க இரண்டாம் பக்கத்துத் தலைப்பில் சொடுக்கிப் பாருங்கள். கர்சர் உள்ளே போகாவிட்டால் அது வேர்டு வரைந்த தலைப்பு. முதல் பக்கத்தில் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் மாறும். கர்சர் உள்ளே போனால் அது யாரோ ஒட்டியது. அழித்துவிடுங்கள்.

பொத்தானை அழுத்தியும் தலைப்பு வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் Table Properties சாளரத்தில், Table என்ற முதல் தாவலிலேயே இருக்கும். அங்கே Text wrapping என்பதில் Around தேர்வாகியிருந்தால் அட்டவணை படத்தைப் போல மிதக்கும். தலைப்பு திரும்ப வராது. மேல் மூலையில் உள்ள சிறு பிடியைப் பற்றி அட்டவணையை இழுத்து நகர்த்தினாலே போதும், இது நமக்குத் தெரியாமல் மாறிவிடும். None என்று மாற்றுங்கள். இன்னொரு காரணம் Ctrl+Enter. புதுப் பக்கம் வேண்டும் என்று அட்டவணை நடுவில் அதை அழுத்தினால் அட்டவணை இரண்டு துண்டாகிவிடும். இரண்டாம் துண்டுக்குத் தலைப்பு கிடையாது. எக்செல் பட்டியலைப் படமாக ஒட்டியிருந்தாலோ எந்தப் பொத்தானும் உதவாது. திரும்ப ஒட்டத்தான் வேண்டும்.

பக்கப் பிரிப்பில் முதல் வேலை, ஒரே வரிசை இரண்டு பக்கத்தில் பிளவுபடாமல் தடுப்பது. முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, Table Properties சாளரத்தின் Row தாவலில் Allow row to break across pages என்ற குறியை எடுத்துவிடுங்கள். அங்கேயே Specify height குறியிடப்பட்டு, பக்கத்தில் Exactly என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. அது இருந்தால் இரண்டாம் வரி கண்ணில் படாமல் மறைந்துபோகும். பெரிய எழுத்தில் அடித்திருந்தால் விசிறியும் கொம்பும் வெட்டுப்படும்.

ஊர் வாரியாகப் பிரித்த பட்டியலில் ஊர்ப் பெயர் மட்டும் பக்கத்தின் அடியில் தனியே நிற்கும். அவ்வூர்க்காரர்கள் அடுத்த பக்கத்தில் இருப்பார்கள். அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்து, Paragraph சாளரத்தில் Line and Page Breaks தாவலில் Keep with next குறியிட்டால் அது அடுத்த வரிசையை விட்டுப் பிரியாது. கடைசிப் பக்கத்தில் ‘மொத்தம்’ மட்டும் அநாதையாக நின்றால், அதற்கு முந்தைய இரண்டு வரிசைகளுக்கு இதே குறியைக் கொடுங்கள். எல்லா வரிசைக்கும் கொடுக்காதீர்கள். நானூறு வரிசையையும் ஒரே பக்கத்தில் வைக்க முடியாது, விதி பயனற்றுப் போகும். ஓர் ஊரைக் கட்டாயம் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் Ctrl+Enter வேண்டாம். அதே தாவலில் உள்ள Page break before போதும். அட்டவணை துண்டாகாது, தலைப்பும் வரும்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் வேலை செய்பவர்களுக்கு இவற்றில் முக்கியமானவை Table Properties சாளரத்தின் Text Flow தாவலிலேயே சேர்ந்து இருக்கின்றன. Repeat heading குறியிட்டு, எத்தனை வரிசை தலைப்பு என்பதை எண்ணாகக் கொடுத்தால் போதும்.

அச்சுக்கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். வரிகள் மடங்கும் இடம் மாறி, பக்கங்கள் வேறு இடத்தில் முடியும். PDF ஆகச் சேமித்து, ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் கொடுங்கள்.