பேப்பர் போடும் முன் ஒரு தேதி

ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா செய்வதைப் ‘பேப்பர் போடுவது’ என்பார்கள். என் அக்கா மகனும் பேப்பர் போடத் தயாரானான். சென்னையில் ஒரே நிறுவனத்தில் நான்கு வருடம் மென்பொருள் பொறியாளராக இருந்தவன். “மாமா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுங்க” என்று மின்னஞ்சலைக் காட்டினான். பல வருடம் மனிதவளப் பிரிவில் இருந்து இத்தகைய கடிதங்களை வாங்கியவன் நான்.

அவன் எழுதியது ஆங்கிலத்தில். அதன் சாரம் இது: “கனத்த மனதோடு எழுதுகிறேன். தயவுசெய்து என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். வேலையை விட்டு விலகலாம் என்று நினைக்கிறேன். ஜூலை கடைசி வாக்கில், முடிந்தால் கொஞ்சம் முன்னதாகவே, விடுவித்தால் நன்றாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம்.”

நல்ல பிள்ளை எழுதிய கடிதம்தான். ஆனால் இதை வாங்குகிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘நினைக்கிறேன்’ என்றால் ராஜினாமா இன்னும் நடக்கவில்லை. மேலாளர் அதைப் பேச்சுவார்த்தைக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு, “அடுத்த வாரம் பேசுவோம்” என்பார். அந்த வாரம் நோட்டீஸ் காலக் கணக்கில் வராமலே போகலாம். ‘ஜூலை கடைசி வாக்கில்’ என்பதை வைத்து ரிலீவிங் லெட்டரில் தேதி போட முடியாது.

“உன் நோட்டீஸ் எத்தனை நாள்?” என்று கேட்டேன். “30 நாள்தான், ஆஃபர் லெட்டரில் இருக்கு” என்றான். அந்த 30 நாள் தகுதிகாண் பருவத்துக்கு உரியது. பணி உறுதியானபோது வந்த கடிதத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன். அதில் 60 நாள் என்று இருந்தது. பதவி உயர்வுக் கடிதத்தின் மூலையிலும் இப்படி நோட்டீஸ் நீளுவது உண்டு. ஆகவே கடைசியாகக் கையெழுத்திட்ட கடிதம் வரை எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும்.

அடுத்தது எண்ணும் முறை. கடிதம் போகும் நாள் 2025 ஜூன் 2, திங்கட்கிழமை. அன்றைய தினத்தையும் சேர்த்து எண்ணினால் 60-ஆவது நாள் ஜூலை 31. மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 1. வேலை நாட்கள் மட்டும் என்றால் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தையும் தாண்டிவிடும். அவன் கடிதத்தில் நாட்காட்டி நாட்கள் என்று தெளிவாக இருந்தது. நோட்டீஸில் எடுக்கும் விடுப்புக்கு ஈடாகக் கடைசி நாளைத் தள்ளிவைக்கும் நிறுவனங்கள் உண்டு; அந்த விதி இவனுக்கு இல்லை.

அன்பைப் பொறுத்தவரை, மன்னிப்புக் கேட்பதால் அது கூடுவதில்லை. வேலையை விடுவது குற்றமும் அல்ல. “உங்க மேலாளர் உனக்குச் செஞ்ச ஒரு நல்லதைச் சொல்லு” என்றேன். சற்று யோசித்து, “முதல் வருஷம் நான் செய்த தவறால பேமென்ட் சர்வர் நின்னுபோச்சு. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லவே இல்லை” என்றான். அதையே எழுதச் சொன்னேன். எத்தனை ‘கனத்த மனது’ போட்டாலும் இந்த ஒரு நினைவுக்கு ஈடாகாது.

திருத்திய கடிதம் இப்படி அமைந்தது:

“பொருள்: ராஜினாமா – கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 1, 2025.

இன்று காலை நாம் பேசியபடி, என் பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். 60 நாள் நோட்டீஸ் நாளை தொடங்குகிறது. என் கணக்கில் கடைசி நாள் ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. இதை உறுதிசெய்து பதில் எழுத வேண்டுகிறேன்.

பேமென்ட் சர்வர் நின்ற இரவில் நீங்கள் என்னோடு இருந்ததையும், மறுநாள் என் பெயரைச் சொல்லாமல் காத்ததையும் மறக்கமாட்டேன். அந்தப் பகுதியின் ஹேண்ட்ஓவர் குறிப்புகளை ஜூன் 20-க்குள் எழுதி முடித்து, ஜூலையில் புதியவரோடு சேர்ந்து வேலை செய்கிறேன்.”

‘முடிந்தால் முன்னதாக’ என்பதை எடுத்துவிட்டோம். முன்கூட்டியே விடுவிக்கக் கேட்பதென்றால், தேதி போட்டுத் தனி வேண்டுகோளாகக் கேட்கலாம். கடைசி நாளோடு கலந்தால் இரண்டும் குழம்பும். ‘எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்’ என்பதும் போயிற்று. புதிய வேலையில் உட்கார்ந்துகொண்டு அந்த வாக்கைக் காப்பாற்ற அவனால் முடியாது. எங்கே போகிறான், என்ன சம்பளம் என்பதற்குக் கடிதத்தில் இடமே இல்லை.

மேலாளரிடம் நேரில் சொன்ன பிறகு, அன்றே எச்.ஆருக்கும் நகல் வைத்து அனுப்பினான். அலுவலகத் தளத்திலும் அதே தேதியைப் பதிந்தான். மாலையில் மேலாளர் இரண்டு வரி எழுதியிருந்தார்: அந்த இரவு தனக்கும் நினைவிருக்கிறதாம். மறுநாள் எச்.ஆரிடமிருந்து வந்த பதிலில் கடைசி நாள் ஜூலை 31 என்று இருந்தது. அவர்கள் அனுப்பிய நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். “சரி, ஜூலை 31” என்று ஒரு வரி எழுதி, அந்தப் பதிலின் நகலைத் தன்னிடம் பத்திரப்படுத்திக்கொண்டான். கடைசி நாளில் அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும்.