டிக்கெட் வரிசையின் ஒரு படம்: கெடு தாண்டியது எது, தேங்கிக் கிடப்பது எது?

ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட். நெட்வொர்க் இல்லை, பிரிண்டர் ஓடவில்லை, கடவுச்சொல் மறந்துபோயிற்று என்று எது வந்தாலும் அதற்கு எண், வகை, முன்னுரிமை, திறந்த நேரம், இப்போதைய நிலை எல்லாம் பதிவாகி, அட்டவணையில் ஒரு வரியாக நிற்கும். எந்த முன்னுரிமைக்கு எத்தனை மணி நேரக் கெடு என்பதை எஸ்.எல்.ஏ. என்ற சேவை ஒப்பந்தம் சொல்லும். மேலாளர் கைக்குப் பல வேளை வந்து சேர்வது அந்த அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட் மட்டுமே. அதிலிருந்தே கெடு தாண்டிய டிக்கெட்டுகளையும் இழுத்தடிக்கும் வகைகளையும் கண்டுபிடிக்கலாம். படம் சொல்லாத சில விவரங்களை மட்டும் முதலில் வேறிடத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

முதல் விவரம், படம் எடுத்த நேரம். இன்னும் மூடாத டிக்கெட்டின் வயதை அந்த நேரம் வரைதான் கணக்கிட முடியும். திரையின் மூலையில் கடிகாரம் தெரிந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால் இதை நம்பக்கூடாது. அதன் பெயரில் இருப்பது படம் எடுத்த நேரமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஒப்பந்தத்தின் கடிகாரம் எப்போது ஓடும் என்பது. பெரும்பாலான அலுவலகங்களில் அது வேலை நேரத்தில் மட்டுமே ஓடும். இரவும் வாரவிடுமுறையும் கணக்கில் வராது.

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை. தீர்வுக்கான கெடு, உயர் முன்னுரிமைக்கு 4 மணி, நடுத்தரத்துக்கு 9 மணி, தாழ்வுக்கு 27 மணி. எல்லாம் வேலை நேர மணி. படம் எடுத்தது செவ்வாய் காலை 11 மணிக்கு.

டிக்கெட் 4081 பிரிண்டர் புகார், நடுத்தர முன்னுரிமை. வெள்ளி மாலை 4 மணிக்குத் திறந்து, திங்கள் மாலை 3 மணிக்குத் தீர்ந்திருக்கிறது. சுவர்க் கடிகாரப்படி 71 மணி நேரம். வேலை நேரப்படி வெள்ளியன்று 2, திங்களன்று 6, ஆக 8 மணிதான். கெடுவுக்குள் முடிந்துவிட்டது. டிக்கெட் 4098 நெட்வொர்க் புகார், உயர் முன்னுரிமை. திங்கள் மாலை 3.30-க்கு வந்தது, இன்னும் திறந்தே இருக்கிறது. நேற்று இரண்டரை மணி, இன்று 2 மணி, ஆக நாலரை மணி. கெடு தாண்டி அரை மணி ஆகிவிட்டது. பார்வைக்கு மூன்று நாள் இழுத்த பிரிண்டர் தப்பித்தது, நேற்று வந்த நெட்வொர்க் மாட்டிக்கொண்டது.

வரிகள் நிறைய இருந்தால் நேரங்களை எக்செல்லில் ஏற்றிவிடலாம். திறந்த நேரம் A2-விலும், தீர்ந்த நேரமோ படம் எடுத்த நேரமோ B2-விலும் இருந்தால் வேலை நேர மணிகளை இந்தச் சூத்திரம் தரும்:

```
=(NETWORKDAYS(A2,B2)-1)*9+(MOD(B2,1)-MOD(A2,1))*24
```

இரண்டு நேரங்களும் வேலை நேரத்துக்குள் இருந்தால்தான் இது சரிவரும். இரவு 8 மணிக்கு வந்த டிக்கெட்டை அடுத்த வேலை நாள் காலை 9 மணிக்குத் திறந்ததாக மாற்றி எழுத வேண்டும். அரசு விடுமுறைகளின் பட்டியலை `NETWORKDAYS`-க்கு மூன்றாவது மதிப்பாகக் கொடுக்கலாம்.

படத்திலிருந்து எண்களைப் பெயர்த்தெழுதும்போது 3-உம் 8-உம், 1-உம் 7-உம் குழம்புவது வழக்கம். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. டிக்கெட் எண்கள் பொதுவாக வந்த வரிசையில்தான் ஏறும். எண்படி அடுக்கிப் பார்த்தால் திறந்த நேரங்களும் ஏறுமுகமாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்று பின்னோக்கிப் போனால் அந்த வரியைப் படத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற சந்தேகமும் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

கடினமானவை நிறுத்தி வைத்த டிக்கெட்டுகள். ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்டில் `Waiting for customer`, சென்டெஸ்க்கில் `Pending`, சர்வீஸ்நவ்வில் `On Hold` என்று இருப்பவை இந்த ரகம். புகார் கொடுத்தவரின் பதிலுக்குக் காத்திருக்கும்போது கடிகாரத்தை நிறுத்திவைக்கப் பல ஒப்பந்தங்கள் இடம் தருகின்றன. நம் படத்தில் 4076 அப்படிப்பட்டது. ஒரு மென்பொருளுக்கு அனுமதி கேட்கும் கோரிக்கை, தாழ் முன்னுரிமை, சென்ற புதன் காலை 10 மணிக்கு வந்தது, நிலை காத்திருப்பு. இன்று வரை 37 வேலை மணி. கெடு 27 என்பதால் உடனே சிவப்பு மை போடத் தோன்றும். ஆனால் எத்தனை மணி நேரம் கடிகாரம் நின்றிருந்தது என்பது படத்தில் இல்லை.

இங்கே கைகொடுப்பது கடைசியாக மாற்றிய நேரம் காட்டும் `Updated` பத்தி. அதில் வெள்ளி பகல் 12 மணி என்றிருந்தால், அதற்குப் பிறகு அந்த டிக்கெட்டை யாரும் தொடவில்லை. எனவே குறைந்தது அப்போதிலிருந்தே காத்திருப்பில்தான் இருக்கிறது. ஓடிய நேரம் அதிகபட்சம் புதன் 8, வியாழன் 9, வெள்ளி 3, ஆக 20 மணி. கெடு தாண்டவில்லை என்று துணிந்து சொல்லலாம். அதே பத்தியில் இன்று காலை என்றிருந்தால் படத்தை வைத்து முடிவு சொல்ல வழியில்லை. அந்த வரியை ‘தெரியவில்லை’ என்று தனியே எழுதி வைப்பதே நேர்மை.

இனி எந்த வகை மிகவும் தாமதம் என்ற கேள்வி. தீர்ந்த டிக்கெட்டுகளை வகைவாரியாகப் பிரித்துச் சராசரி எடுப்பதுதான் பலரும் செய்வது. கடவுச்சொல் வகையில் நான்கு டிக்கெட்டுகள் 30, 40, 50 நிமிடங்களிலும், ஒன்று மட்டும் 12 மணியிலும் தீர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி மூன்றரை மணி. பிரிண்டர் வகையில் மூன்று டிக்கெட்டுகள் 1, 2, 6 மணி பிடித்தன. சராசரி 3 மணி. ஆக, கடவுச்சொல்தான் மெதுவான வகை என்று கணக்கு சொல்லும். நேரங்களை வரிசையாக அடுக்கி நடு மதிப்பை எடுத்தால் கடவுச்சொல்லுக்கு 45 நிமிடம், பிரிண்டருக்கு 2 மணி. வழக்கமாக என்ன நடக்கிறது என்பதை இதுதான் காட்டுகிறது. அந்த 12 மணி டிக்கெட்டைத் தனியாக விசாரிக்க வேண்டும்; அதற்காக வகை முழுவதையும் குற்றம் சொல்ல முடியாது.

உண்மையில் மிக மெதுவான வகை இந்தக் கணக்குக்குள் வராமலே போய்விடலாம். அனுமதிக் கோரிக்கைகள் படத்தில் ஐந்து இருந்து, ஒன்றுகூடத் தீரவில்லை என்றால் அந்த வகைக்குத் தீர்வு நேரமே கிடையாது. பட்டியலில் அதன் பெயரும் வராது. ஆகவே திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் வயதை வகைவாரியாகத் தனிப் பட்டியலாக எடுக்க வேண்டும். தீர்ந்தவற்றோடு அதைக் கலந்து சராசரி எடுக்கக்கூடாது. திறந்த டிக்கெட்டின் வயது ‘இதுவரை இவ்வளவு’ என்று மட்டுமே சொல்கிறது. முடியும்போது அது இன்னும் கூடியிருக்கும். அதோடு, திறந்தவை மட்டும் தெரியும் படமென்றால் அதில் தாமதமானவை அளவுக்கு மீறித் தெரியும். சீக்கிரம் தீர்ந்தவை எல்லாம் வரிசையைவிட்டுப் போய்விட்டனவே.

கடைசியாகப் பார்க்க வேண்டியது அட்டவணையின் விளிம்புகள். அடியில் `1–50 of 312` என்றிருந்தால் கையில் இருப்பது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலே பழையது முதலில் என்று அடுக்கியிருந்தால் அந்த ஐம்பதில் பெரும்பாலானவை கெடு தாண்டியிருப்பதில் வியப்பில்லை. அந்த விகிதத்தை 312-க்கும் நீட்டக்கூடாது. வடிகட்டியில் ஒரே குழுவின் பெயர் இருந்தால் முடிவும் அந்தக் குழுவுக்கு மட்டுமே. அறிக்கையின் தலைப்பிலேயே ‘செவ்வாய் காலை 11 மணி நிலவரம், 312-இல் முதல் 50 வரிகள், பழையது முதலில்’ என்று எழுதி, அதன் கீழே கெடு தாண்டியவை, தாண்டாதவை, தெரியாதவை என்ற மூன்று எண்ணிக்கைகளையும் கொடுக்கலாம். ‘தெரியாதவை’ அதிகமாக இருந்தால் டிக்கெட்டுகளின் நிலை மாறிய நேரங்களோடு கூடிய முழுப் பட்டியலை மென்பொருளிலிருந்து இறக்கித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.