நாலு பேருக்கு எத்தனை லிட்டர்?

“ஆன்லைனில் பிரஷர் குக்கர் வாங்குகிறீர்களா? சிறந்த பிரஷர் குக்கர், குறைந்த விலை பிரஷர் குக்கர், ஸ்டீல் பிரஷர் குக்கர், 5 லிட்டர் பிரஷர் குக்கர் என எல்லா வகைப் பிரஷர் குக்கர்களும் எங்கள் பிரஷர் குக்கர் பிரிவில் மலிவு விலையில் கிடைக்கும்.”

இணையக் கடைகளில் ஒரு பிரிவைத் திறந்தால், தலைப்புக்கும் பொருட்களுக்கும் நடுவே இந்த மாதிரி ஒரு பத்தி நிற்கும். மேலே இருப்பது மாதிரிக்காக நான் எழுதியது. ஆனால் இதன் அண்ணன் தம்பிகளை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ‘பிரஷர் குக்கர்’ ஏழு முறை வருகிறது. எதை வாங்கலாம் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை.

இது வாங்குபவருக்காக எழுதப்பட்டதல்ல, கூகுளுக்காக எழுதப்பட்டது. தேடுபொறிகளின் ஆரம்பக் காலத்தில், ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதற்கு மதிப்பு இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2011 பிப்ரவரியில் வந்த ‘பாண்டா’ மாற்றத்தில், உப்புச்சப்பில்லாத பக்கங்களைக் கூகுள் கீழே தள்ளியது. சொற்களை இப்படித் திணிப்பதைத் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே அது சேர்த்திருக்கிறது. இருந்தும் பழக்கம் விடவில்லை. பொருளையே பார்க்காத ஒருவரிடம் ‘இந்தச் சொல் இத்தனை முறை வர வேண்டும்’ என்று பட்டியல் கொடுத்து எழுதி வாங்கினால் வேறு என்ன வரும்?

இந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டுமானால், பேனாவை எடுப்பதற்கு முன் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளைச் சேகரிக்க வேண்டும். அவை கடையிடமே கிடக்கும்: கஸ்டமர் கேரில் பதிவான உரையாடல்கள், பொருளுக்குக் கீழே கேட்கப்பட்ட சந்தேகங்கள், கடையின் தேடல் பெட்டியில் தட்டப்பட்ட சொற்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணங்கள். ‘சின்னதாக இருக்கிறது’, ‘இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவில்லை’, ‘என் குக்கர் பாத்திரம் உள்ளே போகவில்லை’. இந்த மூன்று புகாருக்குள்ளேயே புதிய பத்தி இருக்கிறது.

முதல் புகார் அளவைப் பற்றியது. 3 லிட்டர் குக்கர் என்றால் 3 லிட்டர் சமைக்கலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த அளவு விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் அளவு. ஆவிக்கு இடம் விட வேண்டும் என்பதால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பொங்கி வரும் பருப்பு, அரிசிக்குப் பாதிதான். ஆக, 3 லிட்டர் குக்கரில் பருப்பும் தண்ணீரும் சேர்த்து ஒன்றரை லிட்டர்தான் வைக்கலாம். இதை வாங்கும் முன்பே சொல்லிவிட்டால், நாலு பேர் இருக்கும் வீட்டுக்காரர் 5 லிட்டர் பக்கம் தானே போவார்.

இரண்டாவது, அடுப்பு. இண்டக்‌ஷன் அடுப்பு சூடாக்குவது காந்தம் ஒட்டும் உலோகத்தைத்தான். வெறும் அலுமினிய குக்கரை அதன்மேல் வைத்தால் ஒன்றும் நடக்காது. அடியில் இரும்புத் தன்மையுள்ள ஸ்டீல் தகடு பதித்திருக்க வேண்டும். மூன்றாவது, மூடி. உள்மூடி குக்கரில் மூடி வாய்க்குள் நுழைந்து உள்ளிருந்து அடைக்கும்; அதனால் வாய் உடம்பைவிடக் குறுகலாக இருக்கும். சாதம் ஒரு பாத்திரம், பருப்பு ஒரு பாத்திரம் என்று அடுக்கி வைக்கும் நம் சமையலறைக்கு இது பெரிய விஷயம். வீட்டில் இருக்கும் அகலமான அடுக்குப் பாத்திரம் அந்த வாயில் நுழையாது. வெளிமூடி குக்கரில் அந்தத் தொல்லை குறைவு.

இனி எழுதிப் பார்க்கலாம்:

“ஓரிருவர் உள்ள வீட்டுக்கு 2 அல்லது 3 லிட்டர், நாலு பேருக்கு 5 லிட்டர் குக்கர் சரியாக இருக்கும். குக்கரைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டுமே நிரப்ப முடியும் என்பதால், சந்தேகம் இருந்தால் அடுத்த அளவை எடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் ‘இண்டக்‌ஷன் அடி’ உள்ளவற்றை மட்டும் பாருங்கள். உள்ளே பாத்திரம் அடுக்கிச் சமைப்பவர்களுக்கு வெளிமூடி வசதி.”

நாலே வாக்கியம். ‘5 லிட்டர்’, ‘இண்டக்‌ஷன் அடி’, ‘வெளிமூடி’ ஆகிய ஒவ்வொன்றும் ஒரு இணைப்பாக இருக்க வேண்டும்; தொட்டால் அந்த வகைக் குக்கர்கள் மட்டும் வடிகட்டி வர வேண்டும். பாதிப் பயன் இந்த இணைப்புகளில்தான். ‘பிரஷர் குக்கர்’ என்ற சொல் பத்தியில் ஒரு முறைகூட இல்லையே, கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று கடைக்காரர் பதறுவார். பக்கத்தின் தலைப்பிலும் கீழே வரிசையாக நிற்கும் ஒவ்வொரு பொருளின் பெயரிலும் அது இருக்கிறது; அது போதும். மாறாக, ‘நாலு பேருக்கு எத்தனை லிட்டர் குக்கர்’ என்று தேடுபவருக்குப் பழைய பத்தியில் பதில் இல்லை, இதில் இருக்கிறது.

‘ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது’ என்று எழுத வேண்டாமா? இந்தியாவில் குக்கருக்கு அது சட்டப்படி கட்டாயம். எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய ஒன்று, இதா அதா என்று தேர்ந்தெடுக்க உதவாது. பொருளின் பக்கத்தில் அதைக் காட்டினால் போதும். இந்த அளவுகோலில் ‘தரமானது’, ‘நீடித்து உழைப்பது’ எல்லாமே வெளியே போய்விடும்.

பெரும்பாலோர் பார்ப்பது போனில். அங்கே பத்தி நீண்டால் முதல் திரையில் ஒரு குக்கர்கூடத் தெரியாது. மூன்று நான்கு வாக்கியத்துக்கு மேல் சொல்ல இருந்தால், பொருள் வரிசைக்குக் கீழே கொண்டுபோவது நல்லது. ‘மேலும் படிக்க’ என்று மடித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வுக்கு வேண்டிய வரி மடிப்புக்குள் போனால் அது இல்லாததற்குச் சமம்.

விலையையும் ‘120 மாடல்கள்’ மாதிரி எண்ணிக்கையையும் எழுதவே கூடாது; அடுத்த மாதமே பொய்யாகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பத்தி ‘இண்டக்‌ஷன் அடி பாருங்கள்’ என்கிறது; தொட்டால் மூன்றே குக்கர் வருகிறது. கடையில் முப்பது இருக்கலாம், ஆனால் மற்றவற்றின் விவரத்தில் யாரும் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. அப்போது பத்தியை விட்டுவிட்டு முதலில் பொருள் விவரங்களைச் சரிசெய்ய வேண்டும். நல்ல முன்னுரை எழுத உட்காரும்போதுதான் இந்த ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வரும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, எந்தத் தேடலுக்கு இந்தப் பக்கம் காட்டப்படுகிறது என்பதை கூகுள் சர்ச் கன்சோலில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம். தீபாவளி விற்பனை மாதத்தைச் சாதாரண மாதத்தோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. அதைவிட நான் நம்புவது பத்தியிலுள்ள இணைப்புகளை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதையும், ‘சின்னதாக இருக்கிறது’ என்று திரும்பி வரும் பெட்டிகள் குறைகின்றனவா என்பதையும்தான்.

எல்லாப் பிரிவுக்கும் இவ்வளவு தேவையில்லை. குக்கர் கேஸ்கட் பிரிவுக்கு ஒரே வரி போதும்: “உங்கள் குக்கரின் பிராண்டையும் மாடலையும் லிட்டரையும் பார்த்து வாங்குங்கள், ஒன்றின் கேஸ்கட் எல்லாக் குக்கருக்கும் பொருந்தாது.”