தாலி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கல்யாணப் பத்திரிகையில் அச்சாகும் நேரங்கள் விருந்தாளிகளுக்கானவை. போட்டோகிராபருக்கு அவற்றால் பெரிய உபயோகம் இல்லை. ‘காலை 7.30 முதல் 9.00 மணிக்குள்’ என்று முகூர்த்தம் போட்டிருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் தாலி ஏறுவது எப்போது என்று ஐயருக்குத்தான் தெரியும். பெண் எத்தனை மணிக்கு அலங்காரம் முடித்து எழுந்திருப்பாள் என்பது மேக்கப் போடுபவருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டு வேன் எப்போது கிளம்பும் என்று பெண் வீட்டாருக்கே தெரியாது. இவர்கள் எல்லோரையும் கேட்டு ஒரே தாளில் எழுதி, இரண்டு வீட்டுக்கும் படித்துக்காட்டி, சரி என்று வாங்கிக்கொள்வதுதான் படப்பிடிப்பு நேரத்தை உறுதி செய்வது. அட்வான்ஸ் கொடுக்கும் அன்று பேசிக்கொண்டதை அப்படியே நம்பி இருப்பவர்கள்தான் கல்யாணத்தன்று மேடையில் நின்று தவிக்கிறார்கள்.

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், சனிக்கிழமை மாலை 6.30க்கு ரிசப்ஷன். மண்டபம் திருச்சியில். பெண் வீடு உள்ளூர், மாப்பிள்ளை வீடு காரைக்குடி. ரிசப்ஷனுக்கு முன்னால் மாலை வெளிச்சத்தில் இருவரையும் சேர்த்து முக்கால் மணி நேரம் படம் எடுக்க வேண்டும் என்பது ஜோடியின் ஆசை. போட்டோகிராபர் ஐந்து மணி என்று குறிக்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் போனிலேயே சரி என்கிறார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை 1.30 முதல் 3 வரை எமகண்டம். அந்த நேரத்தில் மாப்பிள்ளையை வீட்டு வாசல் தாண்ட விடமாட்டார்கள். மூன்று மணிக்கு மேல் தேங்காய் உடைத்துக் கிளம்பினால், இரண்டு மணி நேரப் பயணம் முடிந்து மண்டபத்துக்கு வர ஐந்தேகால் ஆகும். ஆரத்தி எடுத்து, அறைக்குப் போய், முகம் கழுவி, கோட்டு மாட்டி வெளியே வரும்போது ஆறு தாண்டிவிடும். ஆறரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் முதல் விருந்தாளியும் பரிசுப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. காலண்டரைப் புரட்டாமல் நேரம் குறித்ததுதான் கோளாறு.

பத்து நாள் முன்னால் பெரியப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். பகல் ஒரு மணிக்கே கிளம்பிவிடுகிறோம் என்பார்கள். மூன்றேகாலுக்குள் வந்துவிடுவார்கள், வழியில் ஒரு டயர் பஞ்சரானாலும் ஐந்து மணிக்குப் பாதகமில்லை. பெண் வீட்டாரும் எமகண்டத்துக்கு முன்பே மண்டபத்துக்குள் வர வேண்டும் என்பதால், மணமகள் அறையை ஒரு மணிக்கே திறந்து தரும்படி மண்டப மேனேஜரிடம் சொல்லி வைக்க வேண்டும். ‘மாப்பிள்ளை மட்டும் நண்பன் காரில் முன்னால் வந்துவிடலாமே’ என்று சில போட்டோகிராபர்கள் யோசனை சொல்வதுண்டு. மேளதாளத்தோடு மாப்பிள்ளையை அழைக்கிற வீடுகளில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

மறுநாள் காலைக்கு வருவோம். இங்கே எண்ணிக்கை பின்னோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் முகூர்த்தம் நகராது. எது தாமதமானாலும் அதன் சுமை படத்துக்கு ஒதுக்கிய நேரத்தின் தலையில்தான் விழும். தாலி எட்டேகாலுக்கு என்கிறார் ஐயர். அதற்கு முன் கூரைப்புடவை கொடுத்து, பெண் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்கு இருபத்தைந்து நிமிடம். ஆகவே பெண்ணை மேடைக்கு அழைப்பது 7.15. பெண்ணைத் தனியாக எடுக்க அரை மணி நேரம் தேவை. பலரும் அதை 6.45க்கு வைத்து, மேக்கப் 6.45க்கு முடியும் என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் பத்து நிமிடம் பிசகினால் அந்தப் படங்கள் இல்லை. மேக்கப் முடிய ஆறு மணி என்று வையுங்கள். ஆறிலிருந்து ஆறரை வரை படம். ஆறரையிலிருந்து ஏழேகால் வரை எதுவும் எழுதாமல் விடுங்கள். அந்த முக்கால் மணிதான் கையிருப்பு. மேக்கப்புக்கு மூன்று மணி நேரம் என்றால் நாற்காலியில் உட்கார வேண்டியது விடிகாலை மூன்று மணிக்கு.

கையிருப்பைப் பத்துப் பத்து நிமிடமாக எல்லா இடத்திலும் தூவி வைப்பதில் பலன் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். எங்கே உண்மையாகவே தாமதமாகுமோ அங்கே மொத்தமாக வைக்க வேண்டும். கல்யாணக் காலையில் அந்த இடம் பெண்ணின் தலையலங்காரம்தான். ஐந்து மணிக்கும் சவுரி வைத்துப் பின்ன ஆரம்பிக்கவில்லை, பூக்காரர் ஜடை கொண்டுவரவில்லை என்றால் ஆறு மணிக்கு முடியாது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். உடனே செய்ய வேண்டியது, மேக்கப் போடுபவரை அவசரப்படுத்துவது அல்ல. அரை மணிப் படத்தைச் சுருக்குவது. முழு உருவம், முகம், பின்னலின் அழகு, அம்மாவோடு ஒன்று. இவை நான்கும் பத்து நிமிடத்தில் முடியும். நேரம் குறைந்தால் எது போகட்டும், எது கட்டாயம் என்று ஜோடி முன்கூட்டியே சொல்லிவிட்டால், அன்று யாரும் யாரையும் கேட்டு நிற்க வேண்டாம். கூரைப்புடவை கட்டிவிட மேக்கப் போடுபவர் எட்டு மணி வரை இருப்பாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தாலிக்குப் பிறகு மெட்டி, அம்மி, அருந்ததி எல்லாம் ஒன்பதுக்குள் முடியும். பரிசு வரிசைக்கு ஒரு மணி நேரம். பத்து மணிக்குக் குடும்பப் படங்கள். இரண்டு வீட்டிலும் சேர்த்துப் பதினெட்டுக் குழு என்றால், ஒன்றுக்கு மூன்று நிமிடம் வீதம் ஒரு மணி நேரம் போதும். கேமராவால் இங்கே தாமதம் வராது. தாய்மாமன் பந்தியில் இருப்பார், அத்தை சீர்த்தட்டு எண்ணிக்கொண்டிருப்பார். முகம் தெரிந்து கையைப் பிடித்து அழைத்து வர வீட்டுக்கு ஒருவர் வேண்டும். அவர் பெயரும் செல்போன் எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். வயதானவர்களை முதலில் நிறுத்தி எடுத்து அனுப்பிவிடுவது நல்லது. ஞாயிறு 12 முதல் 1.30 வரை எமகண்டம் என்பதால் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படுவது 11.45க்குள். பதினொன்றுக்கும் அதற்கும் நடுவே உள்ள நேரம் இரண்டாவது கையிருப்பு.

இந்தக் கையிருப்பு யாருக்கெல்லாம் தெரிய வேண்டும்? ஜோடிக்கும் வீட்டுக்கு ஒரு பொறுப்பாளருக்கும் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. ஊருக்கெல்லாம் தெரிந்தால் ‘அதான் முக்கால் மணி இருக்கே’ என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள்.

பட்டியலை இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டதும் வருகிற கட்டைவிரல் படங்களை நம்ப வேண்டாம். இரு வீட்டுப் பொறுப்பாளர்களையும் போனில் அழைத்து, அவர்கள் வாயால் நேரங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘சனிக்கிழமை ராத்திரி மூணு மணிக்குத்தானே மேக்கப்?’ என்று ஒருவர் கேட்பார். அவர் சொல்வது ஞாயிறு விடிகாலையை. இன்னொருவர் அதையே வெள்ளி முடிந்து சனி பிறக்கும் இரவாக எடுத்துக்கொண்டிருக்கலாம். கிழமையோடு தேதியையும் போட்டு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிற வரி ஒன்று உண்டு. விடிகாலை மூன்று மணியிலிருந்து நிற்கிற படக்குழுவுக்குச் சாப்பாட்டு நேரம். பரிசு வரிசை நடக்கும்போது ஒரு கேமரா போதும். மற்றவர்களை ஒன்பது மணிப் பந்தியில் உட்கார வைத்துவிடுங்கள், பிறகு அவர்கள் வந்து இவரை மாற்றிவிடட்டும். பத்து மணிக் குடும்பப் படம் பத்து மணிக்கே தொடங்கும்.