கடன் அட்டையை முடிப்பது எப்படி?

கடன் அட்டையைக் கத்தரியால் வெட்டிவிட்டால் கணக்கும் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. வெட்டுண்டது அட்டைதான், கணக்கு வங்கியின் ஏட்டில் உயிரோடுதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒருவருக்குச் சென்ற மாதத்துப் பாக்கி 10,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5-ஆம் தேதி பில் வருகிறது. 20-ஆம் தேதி அதில் கண்ட தொகை முழுவதையும் அவர் கட்டிவிடுகிறார். ஆயினும், இடைப்பட்ட 15 நாட்களுக்கு 10,000 ரூபாய்க்கு வட்டி ஏறக்குறைய 173 ரூபாய். வரியும் சேர்ந்தால் 204. இது அடுத்த பில்லில்தான் தலைகாட்டும். அதைக் கவனியாது விட்டால், தவணை தவறியவர் என்ற குறிப்பு கடன் தகவல் நிறுவனத்தை எட்டி, மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆகவே, 'இன்று கணக்கை முடிக்க மொத்தம் எவ்வளவு?' என்று வங்கியைக் கேட்டே கட்ட வேண்டும்.

அதன்பின் கணக்கை மூடும்படி எழுத்து மூலம் கேளுங்கள். பாக்கி இல்லையெனில் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. 'பாக்கியில்லை, கணக்கு மூடப்பட்டது' என்ற சான்றையும் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

மற்றொன்றும் உண்டு. 1,00,000, 50,000 ரூபாய் வரம்புள்ள இரண்டு அட்டைகளில் ஒருவர் மாதம் 30,000 செலவிட்டால், அது மொத்த வரம்பில் 20 சதவீதம். பெரியதை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகிறது. மதிப்பெண் சற்று இறங்கலாம். எனவே, வீட்டுக்கடன் கேட்கவிருக்கும் சமயத்தில் அட்டையை மூடாதிருப்பதே நலம் என்பது என் கருத்து.