இறந்தவரின் கடனும் மனைவி மக்களின் காப்பீடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

கணிதம் படிக்கும் மாணவன் சட்டத்தைப் பற்றி எழுதுவதேன் என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். எங்கள் தெருவில் பட்டப் படிப்பு வரை வந்தவன் நான் ஒருவனே. ஆகவே அச்சடித்த தாள் எது வந்தாலும், அது ரேஷன் அட்டை விண்ணப்பமாயினும் வங்கிக் கடன் பத்திரமாயினும், "தம்பி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்" என்று என்னிடந்தான் வரும். சென்ற ஆண்டு என் தந்தையார் ஆயுள் காப்பீடு எடுக்க முன்வந்தபோது, அந்த முன்மொழிவுப் படிவமும் என்னிடமே வந்தது. அதிலே ஒரு சிறு கேள்வி இருந்தது: இந்தப் பாலிசி எம்.டபிள்யூ.பி. சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறதா, ஆம் அல்லது இல்லை. முகவர் அதைப் பார்த்தும் பாராமலும், "எல்லோரும் இல்லை என்றுதான் போடுவார்கள்" என்றார். தந்தையாருக்கோ வியாபாரக் கடன் உண்டு. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

எம்.டபிள்யூ.பி. என்பது 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் ஆங்கில முதலெழுத்துக்கள். இங்கிலாந்தில் 1870இல் வந்த சட்டத்தைப் பின்பற்றி, வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் ஆறாவது பிரிவுதான் நமக்கு வேண்டியது. அப்பிரிவைப் புரிந்துகொள்ளுமுன், ஒருவர் இறந்தால் அவருடைய கடன் என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைக்க வேண்டும்" என்று ஊரில் சொல்வார்கள். பழைய இந்து சட்டத்திலும் அத்தகைய கடமை ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்கு அது இல்லை. இன்றைய நிலை இதுதான்: கடன் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைப் பற்றி நிற்கிறது, வாரிசின் சொந்தப் பொருளைப் பற்றுவதில்லை. வாரிசு தமக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாளி. விட்டுச்சென்ற சொத்து முழுவதையும் ஒரு கணம் என்று வைத்துக்கொள்வோம் (எங்கள் வகுப்பு மொழி வந்துவிட்டது, பொறுத்தருள்க). கடன் கொடுத்தவர் அந்தக் கணத்திலுள்ள உறுப்புகளை மட்டுமே தொட முடியும். ஆகவே காப்பீட்டுத் தொகை அந்தக் கணத்தின் உறுப்பா, அல்லவா என்பதே முழுக் கேள்வியும்.

சாதாரணமாக ஒருவர் தம் உயிர்மேல் எடுக்கும் பாலிசி அவருடைய சொத்து. அவர் அதை அடகு வைக்கலாம், ஒப்படைத்துப் பணமாக்கலாம். அவர் இறந்தால் வரும் தொகையும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும். நாமினி என்று ஒருவர் பெயரை எழுதியிருந்தால் போதாதா எனலாம். உச்ச நீதிமன்றம் 1983இல் சர்பதி தேவி வழக்கில் கூறியது என்னவெனில், நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. அந்தப் பணம் வாரிசுகளுக்குரியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களே பயனடைவோர் என்று நிலையைச் சற்று மாற்றியது. ஆனால் அண்ணனையோ மைத்துனரையோ எழுதியிருந்தால் பழைய நிலைதான். மேலும், நாமினியை எழுதிய பிறகும் பாலிசி உயிரோடிருப்பவரின் ஆட்சியிலேயே இருக்கிறது. நினைத்தால் பெயரை மாற்றலாம். கடன் நெருக்கினால் பாலிசியையே ஒருவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஆறாவது பிரிவு இங்கேதான் வேறுபடுகிறது. திருமணமான ஆண் ஒருவர் தம் உயிர்மேல் எடுக்கும் பாலிசியில், அது மனைவியின் அல்லது மனைவி மக்களின் அல்லது அவர்களுள் எவருடைய நன்மைக்காகவேனும் என்று அதன் முகப்பிலேயே எழுதப்பட்டிருந்தால், அது அன்றே ஓர் அறக்கட்டு ஆகிறது. வழக்கில் நாம் டிரஸ்ட் என்போம். அவர்களுள் ஒருவர் இருக்கும் வரை அது கணவனின் கட்டுப்பாட்டுக்கும் உட்படாது, அவனுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் உட்படாது, அவன் விட்டுச்செல்லும் சொத்திலும் சேராது. இம்மூன்றும் தனித்தனிச் சலுகைகள் அல்ல, ஒரே காரணத்தின் விளைவுகள் என்பது என் கருத்து. கணவனுக்கே கட்டுப்பாடு இல்லை. அவனுக்கு இல்லாததை அவனுக்குக் கடன் கொடுத்தவர் எப்படி எடுக்க முடியும்? கணத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு விலக்கு அளிக்கவில்லை. முதலிலிருந்தே அது உறுப்பாகவில்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலும், தீர்ப்புக் கடனாளியின் உயிர்மேலுள்ள பாலிசித் தொகை ஜப்தியிலிருந்து விலக்கு என 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது வேறு வகை. அது ஜப்தியைத் தடுப்பது. பணம் யாருடையது என்பதை மாற்றுவதன்று. வழக்கு வந்தபின் கேட்டுப் பெற வேண்டியது அது.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்று இதில் உண்டு. அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, இந்து, முகமதிய, சீக்கிய, சமணப் பெண்களுக்கு இது பொருந்தாது என்று கூறியிருந்தது. அப்படியானால் நம் வீட்டார் எழுதும் பாலிசிக்கு ஆறாவது பிரிவு பயன்படுமா? 1913இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, பயன்படும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் 1923இல் சட்டமே திருத்தப்பட்டது. அத்திருத்தத்தில் மற்றப் பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் முதல் தேதி குறிக்கப்பட, சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31 என்று தனியாக ஒரு நாள் இருக்கிறது. இன்றும் சட்டப் புத்தகத்தில் அந்தத் தேதியைக் காணலாம்.

இனி ஒரு கணக்கு. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இறந்துபோகிறார் என்று கொள்வோம். கடைச் சரக்கு 3 லட்சம், மனை 5 லட்சம். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி ஒன்று, 2 லட்சம், நாமினி அண்ணன். பின்னாளில் எம்.டபிள்யூ.பி. சட்டத்தின் கீழ் எடுத்தது இன்னொன்று, 10 லட்சம். மனைவிக்குப் பாதி, இரு பிள்ளைகளுக்கும் கால் கால் பங்கு. கடன் வங்கிக்கு 12 லட்சம், அரிசி மண்டிக்கு 4 லட்சம், ஆக 16 லட்சம்.

அவர் விட்டுச்சென்ற சொத்து 3 + 5 + 2 = 10 லட்சம். பழைய பாலிசியின் 2 லட்சத்துக்கு 60ஆம் பிரிவைக் காட்டி வாதாட இடமுண்டு; அது கிட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் 10 லட்சமும் கடனுக்குப் போய்விடும், 6 லட்சம் வராக் கடனாகும். மனைவி மக்களுக்கு அவர்களுடைய 10 லட்சம் அப்படியே நிற்கும். இரண்டாவது பாலிசியையும் அண்ணன் பேருக்கே நாமினி போட்டிருந்தால், சொத்து 20 லட்சம். கடன் 16 போக மீதம் 4 லட்சமே குடும்பத்துக்கு. ஒரு கேள்விக்கு "ஆம்" என்று எழுதியதற்கும் "இல்லை" என்று எழுதியதற்கும் இடையே 6 லட்சம் நிற்கிறது.

அந்த 6 லட்சம் வானத்திலிருந்து வரவில்லை. வங்கியும் மண்டிக்காரரும் இழந்தது. மண்டிக்காரருக்கும் பிள்ளைகள் உண்டே என்று என் தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான். சட்டம் இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுக்கப்பட்ட பாலிசியானால், அந்தத் தொகையிலிருந்து பெறும் உரிமை அவருக்கு உண்டு என அதே பிரிவு கூறுகிறது. நோட்டீசு வந்துவிட்டது, கடை நொடிக்கிறது என்று தெரிந்தபின், கையிலுள்ள ரொக்கம் முழுவதையும் ஒரே தவணையாகக் கட்டிப் பாலிசி எடுத்தவருக்குப் பாதுகாப்பு உறுதியில்லை. கடன் கழுத்தை நெரிக்காத நாளில் எடுத்து, ஆண்டுதோறும் சிறுசிறு தவணை கட்டி வந்தவரைப் பார்த்து அந்தக் குற்றச்சாட்டைச் சொல்வது கடினம். மண்டிக்காரர் அந்தப் பணத்தை நம்பிச் சரக்குக் கொடுத்தவரும் அல்லர்.

இன்னொரு ஓட்டை இதைவிட அதிகமாக நடப்பது. வங்கிக் கடன் பத்திரத்தில் மனைவியையும் கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திடச் சொல்வார்கள். போட்டுவிட்டால் அது கணவனின் கடன் மட்டுமன்று, அவருடைய சொந்தக் கடனும் ஆகிவிடுகிறது. மேற்சொன்ன கணக்கில் மனைவி கையெழுத்திட்டிருந்தால், அவர் பங்கான 5 லட்சம் அவர் கைக்கு வந்தபின் வங்கி அவர்மேல் வழக்குப் போடலாம். ஆறாவது பிரிவு தடுப்பது கணவனுக்குக் கடன் கொடுத்தவரையே. பிள்ளைகளின் இரண்டரை இரண்டரை லட்சம் அப்போதும் தப்பும். எங்கள் தெருவில் இப்படிக் கையெழுத்திட்ட தாய்மார் பலர். எதற்கென்று கேட்டால் "அவர் போடச் சொன்னார்" என்பார்கள்.

படிவத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. முன்மொழிவோடு கேட்டு வாங்க வேண்டிய இணைப்புத் தாள் ஒன்று உண்டு. அதில் பயனடைவோர் பெயர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு, டிரஸ்டி யார் என்பவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். டிரஸ்டி என்பவர் தொகையை வாங்கி உரியவர்களுக்காக வைத்திருப்பவர், மனைவியே இருக்கலாம். அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது. தனி டிரஸ்டி இல்லையேல், தொகையை அரசின் அபிஷியல் டிரஸ்டியிடம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். கிராமத்து விதவை ஒருத்தி அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடக்க நேரும். இவையெல்லாம் பாலிசி எடுக்கும்போதே முடிய வேண்டும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணப் பாலிசியை இந்தச் சட்டத்தின்கீழ் மாற்றித் தரமாட்டார்கள். கையிலுள்ள பத்திரம் எந்த வகை என்று அறிய அதன் அட்டவணையைப் பார்க்கலாம். 1874 சட்டத்தின் பெயரும் பயனடைவோர் பெயரும் இருந்தால் இந்த வகை. நாமினி என்று மட்டும் இருந்தால் அன்று.

முகவர்கள் இதைத் தவிர்ப்பதற்கும் காரணம் இல்லாமலில்லை. எடுத்தவருக்கு இதில் சுதந்திரம் குறைவு. பாலிசியின்மேல் தம் தேவைக்குக் கடன் வாங்கவோ, ஒப்படைத்துப் பணம் பெறவோ தாமாக முடியாது. மனைவியின் பெயரைக் கோபத்தில் நீக்கவும் முடியாது. முதிர்வு நாள் வரை அவர் உயிரோடிருந்தாலும் தொகை அவருக்கு வராது, பயனடைவோருக்கே போகும். கடைக்கு அவசரப் பணம் வேண்டும்போது பாலிசியைத்தான் முதலில் தேடுகிறவர்கள் நம் வியாபாரிகள். அவர்களுக்கு இது கை கட்டியது போலத்தான் தோன்றும். ஆனால் தனக்கே எட்டாதபடி வைத்ததால்தான் பிறருக்கும் அது எட்டாமல் போகிறது.

இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். ஆறாவது பிரிவின் சொற்கள் "திருமணமான ஆண்" என்றே இருக்கின்றன. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி எடுக்கும் பாலிசிக்கும் இதே பாதுகாப்பை அளித்தது. நம் வகுப்பில் பயிலும் சகோதரிகள் நாளை வேலைக்குச் சென்று, கணவன் மக்களுக்காகப் பாலிசி எடுத்தால், இப்பிரிவின் சொற்களில் அவர்களுக்கு இடமில்லை.

என் தந்தையார் படிவத்தில் "ஆம்" என்று எழுதினார். அம்மாவுக்குப் பாதி, எனக்கும் தங்கைக்கும் மீதிப் பாதி. டிரஸ்டி அம்மாதான். இணைப்புத் தாள் முகவரிடம் இல்லை. கிளை அலுவலகத்தில் கேட்டு வாங்க இரண்டு முறை போய்வந்தேன்.