கதிரின் வேகத்தை எங்கே நிறுத்துவது?

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் சாலையிலோ அவிநாசி சாலையிலோ சென்றால், இரைச்சலை வைத்தே நூற்பாலை எது என்று சொல்லிவிடலாம். இந்நகரின் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டில் தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. இன்று பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கான ஆலைகள் கொங்குநாடெங்கும் இயங்குகின்றன.

இவற்றுள் ஒரு சிறிய ஆலைக்குள் நுழைவோம். அங்கே 6,500 கதிர்கள் 40ஆம் எண் பருத்தி நூலை நூற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆலை முதலாளிக்கும் நூற்புப் பிரிவைக் கவனிக்கும் மாஸ்டருக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கிறது.

"ஏனுங்க மாஸ்டர், எல்லாச் செலவும் போகக் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல் நிற்கிறது. இன்னும் வேகமாக ஓட்டினால் இன்னும் லாபம்தானே? நீங்கள் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களே!" என்கிறார் முதலாளி.

"கிலோவுக்குப் பதினைந்து நிற்பது சரிங்க. ஆனால் கடைசியாகக் கூட்டிய நூறு கிலோவில் நமக்கு நட்டமுங்க" என்கிறார் மாஸ்டர்.

இருவரில் யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விலை யார் கையில்?

முதலில் விலையைக் கவனிப்போம். சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறி வைத்திருப்பவருக்கு 40ஆம் எண் நூல் ஒரே தரத்தில் பல ஆலைகளிலிருந்து கிடைக்கும். சந்தையில் கிலோ 330 ரூபாய் என்றால், நம் ஆலை 335 கேட்டால் அவர் அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். 325க்கு விற்கவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. 330க்கே சரக்கு முழுவதும் விற்றுவிடும். நம் ஆலை நாளொன்றுக்கு நூறு கிலோ கூடுதலாக நூற்றாலும் குறைவாக நூற்றாலும் சந்தையில் ஓர் அசைவும் தெரியாது. ஆற்றில் ஒரு குடம் நீர் மொண்டால் ஆற்றின் மட்டம் இறங்குமா? அதுபோலத்தான்.

இத்தகைய ஆலையை 'விலையை ஏற்கும் நிறுவனம்' என்று பொருளியலார் கூறுவர். விலையை அது நிர்ணயிப்பதில்லை. எவ்வளவு நூற்பது என்பது மட்டுமே அதன் கையில் உள்ளது. ஆகவே, கூடுதலாக நூற்கும் ஒவ்வொரு கிலோவும் அதற்குக் கொண்டுவரும் வருமானம் அதே 330 ரூபாய்தான்.

வேகத்தின் விலை

அடுத்து, எவ்வளவு நூற்பது என்பதை ஆலை எவ்வாறு மாற்றுகிறது? புதிய இயந்திரம் வாங்க மாதக்கணக்கில் ஆகும். கட்டடம் எழுப்ப இன்னும் நாளாகும். இவற்றை மாற்றமுடியாத காலத்தையே 'குறுகிய காலம்' என்கிறோம். மூன்று ஷிப்டுகளும் ஏற்கனவே ஓடும் ஆலையில், அக்காலத்தில் மிஞ்சியிருக்கும் வழி கதிர்களின் சுழற்சி வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான்.

கதிர் நிமிடத்துக்கு 16,000 முறை சுழலும்போது, அதைச் சூழ்ந்த வளையத்தின் மீது 'டிராவலர்' என்ற சிறு உருக்குக் கொக்கி ஒன்று ஓடுகிறது. வளையத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால், அக்கொக்கியின் வேகம் நொடிக்கு 33 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர்! உராய்வால் அது சூடேறித் தேய்கிறது. கொக்கிக்கு மேலே நூல் பலூன்போல் புடைத்துக் காற்றைக் கிழித்துக்கொண்டு சுழல்கிறது.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் நூலும் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும். ஆனால் காற்றின் எதிர்ப்பும் உராய்வும் வேகத்தைவிட விரைவாக வளர்வதால், கதிர்களைச் சுழற்றும் மின்சாரம் இருபது முப்பது விழுக்காடு கூடிவிடும். வேகம் மிகும்போது நூல் அடிக்கடி அறும். கழிவுப் பஞ்சு பெருகும். டிராவலர்களையும் விரைவில் மாற்றவேண்டிவரும்.

முக்கியமான ஒன்றை இங்கே கவனியுங்கள். கூடுதல் நூறு கிலோவுக்காக வேகத்தைக் கூட்டும்போது, அந்த நூறு கிலோவுக்கு மட்டும் மின்செலவு ஏறுவதில்லை. முன்பு மெதுவாக நூற்ற கிலோக்களையும் சேர்த்து வேகமாக நூற்கிறோம். அவற்றின் செலவும் ஏறுகிறது. அந்த ஏற்றம் முழுவதையும் இந்தக் கடைசி நூறு கிலோவின் கணக்கில்தான் எழுதவேண்டும். இவ்வாறு உற்பத்தியைச் சற்றுக் கூட்டும்போது மொத்தச் செலவில் ஏற்படும் கூடுதலையே 'இறுதிநிலைச் செலவு' என்கிறோம்.

மாஸ்டரின் கணக்கு

நம் ஆலையின் கணக்கு இதுதான். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சும் சிப்பம் கட்டுவதும் சேர்ந்து 250 ரூபாய். நாளொன்றுக்கு 1,800 கிலோ நூற்கும்போது மின்சாரம், கழிவு, தேய்மானம் ஆகியவற்றுக்கு 72,000 ரூபாய். அதாவது கிலோவுக்கு 40 ரூபாய். இவை உற்பத்தியோடு மாறும் செலவுகள். வங்கி வட்டி, மாதச் சம்பளம் போன்ற மாறாச் செலவு நாளுக்கு 40,000 ரூபாய். 1,800 கிலோவுக்கும் குறைவான வேகத்தில் இந்த ஆலை ஓட்டுவதில்லை.

| நாள் உற்பத்தி (கிலோ) | கூட்டிய 100 கிலோவில், கிலோவுக்கு இறுதிநிலைச் செலவு (ரூ.) | நாள் லாபம் (ரூ.) |
|---|---|---|
| 1,800 | – | 32,000 |
| 1,900 | 300 | 35,000 |
| 2,000 | 315 | 36,500 |
| 2,100 | 330 | 36,500 |
| 2,200 | 350 | 34,500 |

1,800இலிருந்து 1,900க்குப் போகும்போது, கூடுதலான ஒவ்வொரு கிலோவும் 300 ரூபாய் செலவு வைத்து 330 ரூபாய் கொண்டுவருகிறது. முப்பது ரூபாய் மிச்சம். நூறு கிலோவுக்கு 3,000 ரூபாய் லாபம் கூடுகிறது. அடுத்த நூறில் மிச்சம் பதினைந்து ரூபாய்தான் என்றாலும் அதை விடுவானேன்? 2,100ஐத் தொடும்போது செலவும் விலையும் சமமாகின்றன. லாபம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவும் 350 செலவு வைத்து 330 கொண்டுவருகிறது. லாபம் 2,000 ரூபாய் குறைந்துவிடுகிறது.

இறுதிநிலைச் செலவு விலைக்குக் கீழே உள்ளவரை உற்பத்தியைக் கூட்டுவது நல்லது. மேலே போய்விட்டால் குறைப்பது நல்லது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்ற இடம், இரண்டும் சமமாகும் இடம் ஒன்றே. மலையுச்சியில் தரை சற்றுச் சமமாக இருப்பதுபோல, 2,000க்கும் 2,100க்கும் லாபம் ஒன்றாகவே இருக்கிறது.

முதலாளி எங்கே தவறினார்? 2,200 கிலோவில் எல்லாச் செலவையும் கூட்டி வகுத்தால் கிலோவுக்குச் சராசரி 314 ரூபாய்தான் வரும். 330க்கு விற்றால் ஏறத்தாழ 16 ரூபாய் நிற்கிறது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தச் சராசரியில், முதல் 2,100 கிலோவின் லாபம் கடைசி நூறு கிலோவின் நட்டத்தை மூடி மறைத்துவிட்டது. எவ்வளவு நூற்பது என்று முடிவு செய்யச் சராசரி உதவாது. கடைசிப் படியைத்தான் பார்க்கவேண்டும்.

அந்தக் கடைசிப் படியை ஆலையில் எப்படி அளப்பது? ஒரே ஒரு நூற்பு இயந்திரத்துக்குத் தனி மீட்டர் பொருத்தி, இரண்டு வேகங்களில் ஒவ்வொரு ஷிப்ட் ஓட்டவேண்டும். இரண்டு முறையும் செலவான மின்யூனிட்டுகள், நூலின் எடை, கழிவுப் பஞ்சின் எடை, நூல் அறுந்த தடவைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். செலவின் வேறுபாட்டை நூல் எடையின் வேறுபாட்டால் வகுத்தால் இறுதிநிலைச் செலவு வந்துவிடும். நூல் எண்ணையும் பஞ்சையும் இடையில் மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும்.

வட்டி ஏறினால்? விலை இறங்கினால்?

வங்கி வட்டி நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாபம் எல்லா வரிசைகளிலும் பத்தாயிரம் குறையும். ஆனால் நடு வரிசையில் உள்ள எண்கள் மாறா. ஆகவே ஓட்டவேண்டிய வேகமும் மாறாது. "வட்டி கட்டவேண்டும், வேகமாக ஓட்டு" என்பது பலன் தராத பேச்சு.

விலை 315ஆக இறங்கினால்? சமமாகும் இடம் 2,000 கிலோவுக்கு நகர்கிறது. 300ஆனால் 1,900க்கு. அப்போது எல்லாச் செலவும் போக நாளுக்கு 22,000 ரூபாய் நட்டம். ஆலையை மூடிவிடலாமா? மூடினாலும் வட்டியும் சம்பளமும் நிற்காது. 40,000 ரூபாய் முழுவதும் நட்டமாகும். ஓட்டுவதே மேல். நட்டத்தில் ஓடும் ஆலையைப் பார்த்துக் கணக்குத் தெரியாதவர் என்று சிரிக்கவேண்டாம்!

விலை 280க்கு இறங்கிவிட்டால் கதை வேறு. பஞ்சு, மின்சாரம் முதலிய மாறும் செலவே கிலோவுக்கு 290. அதுகூடத் திரும்பி வராது. 1,800 கிலோ நூற்றால் நட்டம் 58,000; நிறுத்தினால் 40,000. இப்போது நிறுத்துவதுதான் கணக்கு. ஆகவே, விலை மாறும் செலவின் சராசரியையாவது தாண்டினால்தான் நம் விதி பொருந்தும்.

இந்த எல்லையைக் கொங்குநாடு கண்கூடாகக் கண்டதுண்டு. 2022 மே மாதத்தில் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயை எட்டியது. கிலோ 281 ரூபாய் ஆகிறது. நூறு கிலோ பஞ்சு 85 கிலோ நூல் தரும் என்று கொண்டால், ஒரு கிலோ நூலில் பஞ்சு மட்டுமே 330 ரூபாய்! நூல் விலையும் ஏறத்தான் செய்தது; ஆனால் பல சிறு ஆலைகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவற்றின் சங்கம் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

எனினும் நிறுத்துவது விசையை அணைப்பதுபோல் எளிதன்று. தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட்டால் மீண்டும் அழைப்பது கடினம். அந்தச் செலவையும் எண்ணி, சில நாள் கூடுதல் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு ஓட்டும் ஆலைகளும் உண்டு. மேலும் இன்று நூற்கும் நூல் விற்பது சில நாள் கழித்து. அன்றைய விலையை இன்றே ஊகிக்கவேண்டும். ஊகம் தவறினால், சரியாகப் போட்ட கணக்கும் தவறிவிடும்.

மாஸ்டர் சொன்னபடி அன்று வேகம் குறைக்கப்பட்டது. நாளுக்கு 2,000 ரூபாய் மிஞ்சியது. மாணவர்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு: நூல் விலை 350 ரூபாய்க்கு ஏறினால் மாஸ்டர் எந்த வரிசைவரை போகலாம் என்பார்? அன்றைய லாபம் எவ்வளவு? தாளில் போட்டுப் பாருங்கள்.